தனிக் கட்டடத்துக்குத் தனி எர்த் ராடு: பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வீட்டின் பின்புறம் உள்ள பட்டறைக்கு மின் இணைப்புக் கொடுக்கும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தோம். அவர் செய்துவிட்டுப் போன வேலை, ஏதேனும் ஓர் இயந்திரத்தில் மின் கசிவு ஏற்படும் வரை குறையே தெரியாத வகையைச் சேர்ந்தது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே தவறைச் செய்பவர்கள் பலர் இருப்பதால், தவறு இன்னது என்று விளக்குவதே பயன்படும் என்று கருதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பு டிஎன்-எஸ் வகை. அதாவது, மின்மாற்றியிலிருந்தே நியூட்ரலும் எர்த்தும் தனித்தனிக் கடத்திகளாக வருகின்றன. வீட்டுக்குள் எங்கும் அவை ஒன்றுசேர்வதில்லை. வீட்டிலிருந்து பட்டறை வரை 25 மீட்டர் தொலைவுக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், மூன்று கோர் கொண்டது, மண்ணுக்கடியில் போடப்பட்டது. மூன்றாவது கோர் எர்த்துக்காகவே உள்ளது. ஒப்பந்தக்காரர் பட்டறைப் பக்கத்தில் அந்தக் கோரை வெட்டி, டேப் சுற்றி மடக்கி வைத்துவிட்டார். அதற்குப் பதிலாகச் சுவரோரம் ஓர் எர்த் ராடு அடித்து, பட்டறையின் எர்த் கம்பிகளை எல்லாம் அதில் சேர்த்தார். காரணம் கேட்டபோது, "தனிக் கட்டடம்னா தனி எர்த்துதான் சார், அதுதான் சேஃப்டி" என்றார். ராடுக்கும் அதற்கான கூலிக்கும் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார்.

இப்படிச் செய்ததால் பட்டறை டிடி முறைக்கு மாறிவிட்டது. அதாவது, கட்டடத்தின் எர்த் அதன் சொந்த ராடை மட்டுமே நம்பியிருக்கும், பழுது மின்னோட்டம் மண் வழியாகத்தான் மின்மாற்றிக்குத் திரும்பும். டிடி முறை தன்னளவில் தவறானதன்று. ஆனால் அந்த முறையில், சிறு கசிவையும் உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் பாதுகாப்பு என்பதே இல்லை. அவர் பட்டறைப் பெட்டியில் பொருத்தியவை, அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் மட்டுமே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் வெறும் எம்சிபிகள் மட்டுமே.

அதன் விளைவைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பின்னர் வந்த வேறொரு மின் பணியாளர் கருவி வைத்து அளந்தபோது ராடின் மின்தடை 80 ஓம் இருந்தது. மின்மாற்றிப் பக்க எர்த்துக்கு 4 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 84 ஓம். துளையிடும் இயந்திரத்தின் உள்ளே ஃபேஸ் கம்பி உரிந்து இரும்பு உடலில் பட்டுவிட்டால், 230 வோல்ட்டில் அந்தச் சுற்றில் ஓடுவது ஏறத்தாழ 2.7 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு சாதாரண இயந்திரத்தின் சுமையைப் போலத்தான் தெரியும். எத்தனை நாளானாலும் அது விழாது. இதற்கிடையில் இயந்திரத்தின் உடலில் சுமார் 219 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால், அது இப்படிப்பட்ட கசிவின் அடையாளமாக இருக்கலாம், மேற்சொன்ன 2.7 ஆம்பியர் ஒரு நாளில் 15 யூனிட் அளவுக்கு மின்சாரத்தை மண்ணுக்குள் இறைத்துவிடும்.

வெட்டப்பட்ட அந்த மூன்றாவது கோர் இணைக்கப்பட்டிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. வீட்டு நுழைவாயில் வரை 0.5 ஓம், 25 மீட்டர் கேபிளின் போக்கும் வரவும் சேர்ந்து 0.15 ஓம், பட்டறையின் உள் ஒயரிங்குக்கு இன்னொரு 0.15 ஓம்: மொத்தம் 0.8 ஓம். அதே பழுதில் 280 ஆம்பியருக்கு மேல் பாயும். பி வகை 16 ஆம்பியர் எம்சிபி 80 ஆம்பியரிலும், சி வகை 160 ஆம்பியரிலும் உடனடியாக விழுந்தே ஆக வேண்டும் என்பதால், பழுது கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கப்பட்டுவிடும். ஆக, கேபிளுக்குள் இருந்த நல்ல பாதையை மூடிவிட்டு, அதைவிட நூறு மடங்கு மோசமான பாதையைக் காசு வாங்கிக்கொண்டு திறந்து கொடுத்திருக்கிறார்.

வேலை முடிந்த அன்று அவர் காட்டிய சோதனையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை மாட்டி, "பாருங்க, எர்த் எப்படி எரியுது" என்று காட்டினார். அந்த பல்பின் மின்தடையே 500 ஓமுக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் ராடின் 80 ஓம் ஒரு பொருட்டே இல்லை. பல்புக்கு இருநூறு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்துவிடும், அது பளிச்சென்று எரியும். பல்பு எரிவதால் எர்த் பாதை எங்கோ தொடர்கிறது என்பது மட்டுமே தெரியும். அந்தப் பாதை எம்சிபியை விழச் செய்யுமா என்பதை லூப் மின்தடையை, அதாவது பழுது மின்னோட்டம் போய்த் திரும்பும் முழுச் சுற்றின் மின்தடையை, அளக்கும் கருவிதான் சொல்ல முடியும்.

குறையைச் சொல்லி மீண்டும் அழைத்தபோது, பட்டறைப் பெட்டியில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் எம்சிபி விழும் என்றார். விழும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டிலிருந்து வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு சாதனத்தின் வழியாக எல்லா இரும்பு உடல்களுக்கும் மின்னழுத்தம் வந்துவிடும். முதல் தவறைவிட மோசமான இந்த யோசனையைக் கேட்டபிறகுதான் அவரை விட்டு விலகினோம்.

இரண்டாவதாக வந்தவர் எர்த் கோரை மீண்டும் இணைத்து டிஎன்-எஸ் முறையைப் பட்டறை வரை கொண்டுசென்றார். பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தினார். ஏற்கெனவே அடித்த ராடைக் கழற்றவில்லை. எர்த் கோரும் சேர்ந்திருக்கும்போது அதனால் கேடில்லை. வீட்டிலிருந்து பட்டறைக்குச் செல்லும் இரும்புத் தண்ணீர்க் குழாயைப் பட்டறையின் எர்த் முனையோடு பிணைத்ததும் அவர்தான். முந்தைய ஏற்பாட்டில் அந்தக் குழாய் வீட்டு எர்த்திலும் இயந்திரம் ராடிலும் இருந்தன. பழுதின்போது ஒரு கை குழாயிலும் மறு கை இயந்திரத்திலும் இருந்தால் நடுவே இருப்பது மனித உடல்.

டிடி முறையையே தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. போட்ட கேபிளில் எர்த் கோரே இல்லாமல் இருக்கலாம். அல்லது வீட்டு நுழைவில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கடத்தியிலிருந்து பிரிவதாக இருந்து, அது அறுந்தால் வரும் ஆபத்தை வெளிக் கட்டடத்துக்குக் கடத்த வேண்டாம் என்று முடிவு செய்யலாம். வீட்டுக்கே ராடு மட்டும்தான் எர்த் என்றால், வெளிக் கட்டடமும் டிடிதான், கேட்கவே வேண்டாம். அப்போது அந்தக் கட்டடத்தின் நுழைவிலேயே ஆர்சிசிபி இருந்தாக வேண்டும். ராடின் மின்தடையை ஆர்சிசிபியின் மின்னோட்ட அளவால் பெருக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. 30 மில்லி ஆம்பியருக்கு அது 1,667 ஓம் வரை இடம் தருகிறது. ஆனாலும் கோடையில் மண் காய்ந்தால் மின்தடை ஏறிவிடும் என்பதால் 200 ஓமுக்குக் கீழே வைத்திருப்பதே வழக்கம். எங்கள் பட்டறையின் 80 ஓம் ராடு இந்தக் கணக்கில் தாராளமாகத் தேறும். இல்லாமல் போனது அந்த ஒரு ஆர்சிசிபிதான்.

அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திக் காட்டுவதையும் எர்த்துக்கான சான்றாக ஏற்காதீர்கள். அந்தப் பொத்தான் ஆர்சிசிபிக்குள்ளேயே சிறு கசிவை உண்டாக்குகிறது. எர்த் கம்பியைக் கழற்றி வீசியிருந்தாலும் அது விழும். பணம் கொடுக்கும் முன், பட்டறையின் கடைசி பிளக் பாயிண்டில் எடுத்த லூப் மின்தடை எத்தனை ஓம், டிடி முறை என்றால் ராடின் மின்தடை எத்தனை, ஆர்சிசிபி எத்தனை மில்லி விநாடியில் விழுந்தது ஆகிய மூன்றையும் எழுதி, கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள்.