குக்கர் இல்லாமல் துவரம் பருப்பு: மூன்று வருட அனுபவம்

குக்கர் கேஸ்கட் தளர்ந்துபோய் ஆவி பக்கவாட்டில் சீற ஆரம்பித்த ஒரு காலையில்தான் முதன்முதலாகத் துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டேன். புது கேஸ்கட் வாங்கும்வரை சமாளிக்கலாம் என்று நினைத்தேன். கேஸ்கட்டும் வாங்கியாயிற்று, மூன்று வருடமும் ஓடிவிட்டது, பருப்பு மட்டும் இன்னும் பாத்திரத்தில்தான் வேகிறது. காரணம் ரொம்பச் சாதாரணம். குக்கரில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. பாத்திரத்தில் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்து, வேண்டிய பதத்தில் நிறுத்தலாம்.

முதலில் அளவு. நான் எடுப்பது ஒரு டம்ளர் பருப்பு. தண்ணீர் கலங்காமல் வரும்வரை கழுவி, முக்கால் மணி நேரம் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். குக்கரில் இரண்டரை, மூன்று டம்ளரில் முடிந்துவிடும். இங்கே அரை மணிக்கு மேல் ஆவி போய்க்கொண்டே இருப்பதால் கூடுதலாக வேண்டும். ஊற வைக்க நேரமில்லை என்றால் ஐந்து டம்ளர் வைக்கிறேன், ஏனென்றால் வேகும் நேரமும் இருபது நிமிடமாவது கூடும்.

இதில் எனக்குத் தாமதமாகப் பிடிபட்ட ஒன்று உண்டு. பருப்பை இரட்டிப்பாக்கினால் தண்ணீரையும் இரட்டிப்பாக்கக் கூடாது. விருந்தினர் வந்த ஒரு நாள் இரண்டு டம்ளர் பருப்புக்கு எட்டு டம்ளர் ஊற்றினேன். பருப்பு வெந்த பிறகும் மேலே ஒரு விரல்கடைக்குத் தண்ணீர் நின்றது. பாத்திரத்தின் வாய் அகலம் அதேதானே, ஆவியாகிப் போவது கிட்டத்தட்ட அதே அளவுதான். இப்போது இரண்டு டம்ளருக்கு ஏழு வைக்கிறேன். குறைந்தால் பக்கத்தில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, மறுபடி ஏறுவதற்குள் ஐந்து நிமிடம் வீணாகும்.

அடுத்தது நுரை. குக்கரிலேயே பழகியவர்கள் தோற்கும் இடம் இதுதான். கொதி வரும் ஏழாவது எட்டாவது நிமிடத்தில் வெளிர் மஞ்சள் நுரை திடீரென்று எழும்பும். அந்த நேரம் பார்த்து மூடி போட்டிருந்தால் பால் போலப் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். எனக்கு ஒரு முறை அணைந்தது. நான் பக்கத்து அறையில் இருந்தேன், வாசனை வந்த பிறகுதான் கேஸ் திறந்தே கிடப்பது தெரிந்தது. அன்றிலிருந்து முதல் கொதி முடியும்வரை மூடியும் இல்லை, நான் நகர்வதும் இல்லை. பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். தண்ணீரில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். எழும்பியதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுகிறேன். எடுக்காவிட்டாலும் கெடுதல் ஒன்றுமில்லை, வழிவதுதான் பிரச்சினை.

நுரை அடங்கியதும் மஞ்சள்தூள் போட்டு, தீயைக் குறைத்து, பாத்திரத்தின் மேல் ஒரு தட்டைச் சற்று விலக்கி மூடி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். மேலே போகும் ஆவி தட்டின் அடியில் பட்டுத் திரும்பச் சொட்டும். தட்டிலிருக்கும் தண்ணீரும் சூடாகி, தேவைப்பட்டால் உள்ளே ஊற்ற உதவும். பெரிய தீயில் வைத்தால் சீக்கிரம் வெந்துவிடும் என்று ஆரம்பத்தில் நானும் நம்பினேன். தளதளவென்று கொதித்தாலும் மெல்ல முணுமுணுத்தாலும் தண்ணீரின் சூடு ஒன்றுதான். பெரிய தீயில் தண்ணீர்தான் சீக்கிரம் வற்றுகிறது.

பதினைந்தாவது நிமிடத்தில் பருப்பின் ஓரங்கள் மலர ஆரம்பிக்கும். இருபத்தைந்தில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்குகிறேன். மசிந்த நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. புள்ளி மறைந்து, ஆனால் பருப்பு உருவம் மாறாமல் நின்றால் கூட்டுக்குப் போதும். தானாகவே குழைய வேண்டுமென்றால் மொத்தம் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் ஆகும். கடைசிப் பத்து நிமிடம் அடிக்கடி கிளற வேண்டும். கரைந்த பருப்பு கீழே படிந்து அடிப்பிடிப்பது அப்போதுதான். அதற்கு முன்னால் கிளற அவசியமே இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் வீடு மாறியதும் ஒரே நாளில் பொய்த்துப்போனது. அதே பருப்பு, அதே பாத்திரம், ஒரு மணி நேரம் கொதித்தும் முழுசு முழுசாக நின்றது. தண்ணீர் கெட்டியாகவே இல்லை. பருப்பு பழசாகிவிட்டது என்று நினைத்துப் புது பாக்கெட் பிரித்தேன், அதுவும் அப்படியே. அப்புறம்தான் ஒரு சோதனை செய்தேன். ஒரே பாக்கெட்டிலிருந்து அரை அரை டம்ளர் எடுத்து, இரண்டு பாத்திரங்களில், ஒன்றில் புது வீட்டுப் போர் தண்ணீரும் மற்றதில் சுத்திகரித்த குடிநீரும் வைத்தேன். குடிநீரில் வைத்தது முப்பத்தாறு நிமிடத்தில் குழைந்தது. போர் தண்ணீரில் வைத்ததில் அப்போதும் வெள்ளைப் புள்ளி அழுத்தமாகத் தெரிந்தது.

பருப்பின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு குழையும். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடினநீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பசையை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. புளி, தக்காளியை முதலிலேயே போட்டால் நேர்வதும் ஏறக்குறைய இதுதான், புளிப்பு அந்தப் பசையைக் கரையவிடாது. அதனால் இரண்டும் பருப்பு வெந்த பிறகுதான். சாப்பாட்டு உப்பு அவ்வளவு கெடுதல் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வற்றும்போது உப்பு தூக்கலாகிவிடும் என்பதால் மட்டும் கடைசியில் போடுகிறேன்.

பருப்பு வேகவில்லை என்றால் குறை பருப்பிலா தண்ணீரிலா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது, இரண்டிலும் அது ஒரே மாதிரிதான் நிற்கும். தண்ணீரை மாற்றிப் பாருங்கள். நல்ல தண்ணீரிலும் ஐம்பது நிமிடத்தைத் தாண்டினால் பருப்பு பழசு. அதை இரண்டு மணி நேரம் ஊற வைத்தால் ஓரளவு சரியாகும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் நிச்சயம் சீக்கிரம் வேகும், நானும் இரண்டு முறை போட்டிருக்கிறேன். இரண்டாம் முறை கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. பருப்பு பத்து நிமிடம் முன்னதாகவே கரைந்தது. ஆனால் சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு வழவழப்பும் வாடையும், எவ்வளவு எலுமிச்சை பிழிந்தும் போகவில்லை. இப்போது போர் தண்ணீரைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்கிறேன், ஊறுவதும் வேகுவதும் குடிநீரில்.