பதிவான நிறுவனம்தானா? எந்தப் பதிவேடு எவ்வளவு சொல்லும்

வியாபாரம் பேச வரும் முன்பின் தெரியாதவர்கள் "நாங்கள் லண்டனில் பதிவு செய்த நிறுவனம்" என்று சொல்லி, சான்றிதழின் பிடிஎஃப் ஒன்றையும் அனுப்புகிறார்கள். பிடிஎஃப்பை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். அதிலுள்ள பதிவு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அரசுப் பதிவேட்டில் நீங்களே போய்த் தேடுங்கள். அவர்கள் கொடுக்கும் இணைப்பைச் சொடுக்க வேண்டாம், பதிவேட்டைப் போலவே போலித் தளம் செய்து வைத்திருப்பவர்களும் உண்டு.

எந்தப் பதிவேடு என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் விவரம் ஏகத்துக்கும் மாறும். பிரிட்டனின் கம்பெனீஸ் ஹவுஸ் இதில் தாராளம். இயக்குநர்கள், கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள், கணக்குகள், பழைய பெயர்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலமோ கஞ்சம். பெயர், பதிவு எண், பதிவான தேதி, நிறுவனத்தின் சார்பில் அரசுக் கடிதங்களை வாங்கிக்கொள்ளும் முகவரின் முகவரி, அவ்வளவுதான். இயக்குநர் பெயர் தேடலில் வராது. நிறுவனம் இப்போது செல்லுபடியாகிறதா என்று பார்க்கவே 10 டாலர் கேட்கிறார்கள். அந்த முகவர் முகவரியையும் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் ஒரே கட்டடத்தில் லட்சக்கணக்கான நிறுவனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே டெலவேர் நிறுவனம் என்றால், அது இப்போதும் செல்லுபடியாகிறது என்று மாநிலம் தரும் Certificate of Good Standing என்ற சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள சரிபார்ப்பு எண்ணை மாநிலத் தளத்திலேயே இட்டுப் பார்க்கலாம்.

சரி, தாராளமான பதிவேடுதானே நம்பகமானது? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கம்பெனீஸ் ஹவுஸ் நீண்ட காலம், கொடுத்த விவரத்தை வாங்கி அப்படியே பதிந்துவைக்கும் இடமாக இருந்தது. 2024 மே மாதம் வரை இணையவழிப் பதிவுக் கட்டணம் வெறும் 12 பவுண்டுதான். சந்தேகமான விவரத்தைக் கேள்வி கேட்கவும் நிராகரிக்கவும் அதிகாரம் வந்தது 2024 மார்ச்சில். இயக்குநர்களின் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது 2025 நவம்பரில். அதற்கு முந்தைய பதிவுகளில் உள்ள பெயரையும் முகவரியையும் அந்தந்த நிறுவனமே சொன்னதாகத்தான் படிக்க வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணம். "1998 முதல் இயந்திர உதிரிபாக ஏற்றுமதி" என்கிறது ஒரு விலைப்பட்டியல், எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறது. பெயரை இட்டுத் தேடினால் ஒரே மாதிரி பத்துப் பெயர்கள் வரும், அதனால் எண்ணை இடுங்கள். Company status வரியில் Active என்று இருக்கிறது, Incorporated on தேதியும் 1998தான். பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அப்படியே கீழே இறங்கி Previous company names பாருங்கள். போன ஆண்டுவரை வேறு பெயர். Filing history-ஐத் திறந்தால் இருபது ஆண்டுக்கு மேலாக dormant கணக்குகள், அதாவது எந்த வியாபாரமும் நடக்கவில்லை. பிறகு ஒரே மாதத்தில் இயக்குநர், முகவரி, பெயர் மூன்றும் மாறியிருக்கின்றன. 1998 என்ற வயது மட்டும் விலைக்கு வாங்கப்பட்டது. அதே Filing history பட்டியலின் அடியில் பதிவின்போது கொடுத்த மூலச் சான்றிதழ் இருக்கும், உங்களுக்கு வந்த பிடிஎஃப்புடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறுவனங்களுக்கான உலகளாவிய அடையாளக் குறியீடான எல்.இ.ஐ. எனும் 20 எழுத்து எண்ணைக் கொடுத்தால் வேலை எளிது. search.gleif.org-இல் இலவசமாகத் தேடலாம், எந்த நாட்டுப் பதிவேட்டில் என்ன எண் என்பதும் அதிலேயே வரும். ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் LAPSED என்று காட்டும். நிறுவனம் மூடிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை, விவரம் பழையதாக இருக்கலாம் என்பதே பொருள். பங்கு, கடன் பத்திரச் சந்தையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த எண் பெரும்பாலும் தேவைப்படுகிறது, சின்ன வியாபாரிகளிடம் எதிர்பார்க்க முடியாது. பல நாட்டுப் பதிவேடுகளை ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் ஓப்பன்கார்ப்பரேட்ஸ் போன்ற திரட்டுத் தளங்கள், எந்த நாடு என்றே தெரியாதபோது துப்புக் கொடுக்கும். ஆனால் அவை நகல்தான், நேற்று கலைக்கப்பட்ட நிறுவனம் இன்றும் அங்கே உயிரோடு இருக்கலாம்.

இத்தனை பார்த்தும் ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. இருபது ஆண்டாக உண்மையில் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் பயன்படுத்தினால், எந்தப் பதிவேடும் பச்சைக் கொடிதான் காட்டும். எண் உண்மை, பேசுகிறவர்தான் வேறு ஆள். பெயர், எண், பதிவு முகவரி ஆகியவற்றை நிறுவனம் தன் இணையதளத்தில் காட்ட வேண்டும் என்பது பிரிட்டன் சட்டம், ஆனால் நகலெடுப்பவரும் அதைக் காட்டுவார். மின்னஞ்சலில் வந்த தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, பதிவு முகவரிக்கு ஒரு கடிதம் போட்டு, இந்த விலைப்பட்டியல் உங்களுடையதா என்று கேளுங்கள். அப்புறம், பணம் கேட்கும் வங்கிக் கணக்கு யார் பெயரில் என்று பாருங்கள். வேறொரு நிறுவனத்தின் பெயர் என்றால் அதன் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, இதே தேடலை அதற்கும் முதலிலிருந்து செய்யுங்கள்.