0.10 சிறியதா? கோஹன் அளவுகோலும் கிராஃப்ட் அளவுகோலும்

ஒரு வாசிப்புப் பயிற்சி மாணவர் மதிப்பெண்ணை 0.10 திட்டவிலக்கம் உயர்த்தியது என்று வைத்துக்கொள்வோம். சரியாக நடுவில், 50ஆவது சதமானத்தில் இருந்தவர் 54க்கு நகர்கிறார்.

இத்தகைய விளைவை அளக்க, புள்ளியியல் அறிந்த உளவியலாளர் ஜேக்கப் கோஹனின் கணக்கில் 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது. 0.10 ‘சிறியது’ என்ற பெயருக்கே எட்டாது. வேறு வழியில்லாதபோது மட்டும் இந்த அளவுகோலை எடுங்கள் என்று அவரே எச்சரித்தார். பலர் அந்த வரியைப் படிப்பதில்லை.

கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட் 2020இல் தந்த அளவுகோல், கல்வித் திட்டங்களைச் சோதித்த ஆய்வுகளில் உண்மையில் கிடைத்த விளைவுகளிலிருந்து எழுந்தது: 0.05க்குக் கீழே சிறியது, 0.20 முதல் பெரியது. அங்கே 0.10 நடுத்தரம், செலவு குறைவென்றால் மதிப்பு இன்னும் கூடும். பள்ளி ஆய்வுக்கு நான் இதையே எடுப்பேன். ஆனால் சொல்லிக்கொடுத்ததையே ஆய்வாளர் தாமே தயாரித்த தேர்வில் கேட்டிருந்தால் எண் ஊதியிருக்கும்; அதை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கக் கூடாது.