இரண்டுக்கு இரண்டு அட்டவணை: ஆய்வின் எண்ணிக்கையா, கற்பனைப் பத்தாயிரம் பேரா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை பயிலும் சில தமிழ் மாணவர்களுக்காக, உயிர்ப்புள்ளியியல் விரிவுரைக் குறிப்புகளைத் தமிழில் விளக்கி எழுதும் பொறுப்பை அண்மையில் ஏற்றிருந்தேன். உணர்திறன், குறித்தன்மை, முன்கணிப்பு மதிப்புகள் என்ற பகுதிக்கு வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. குறிப்பில் உள்ள சூத்திரத்தை வைத்தே விளக்கலாம். ஆய்வில் கிடைத்த எண்ணிக்கைகளை அப்படியே அட்டவணையில் இடலாம். அல்லது பத்தாயிரம் பேரைக் கற்பனை செய்துகொண்டு அட்டவணையைப் புதிதாகக் கட்டலாம். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த ஒப்பீடும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

சூத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கீழே உள்ளதில் Se என்பது உணர்திறன், அதாவது நோயுள்ளவர்களில் பாசிட்டிவ் பெறுவோரின் விகிதம்; Sp என்பது குறித்தன்மை, அதாவது நோயில்லாதவர்களில் நெகட்டிவ் பெறுவோரின் விகிதம்; P என்பது நோய்ப் பரவல் விகிதம்; PPV என்பது பாசிட்டிவ் முடிவின் முன்கணிப்பு மதிப்பு, அதாவது பாசிட்டிவ் பெற்றவர்களில் உண்மையிலேயே நோயுள்ளவர்களின் விகிதம்.

```
PPV = (Se × P) / (Se × P + (1 − Sp) × (1 − P))
```

இது சரியானது, சுருக்கமானது, எந்தப் பரவல் விகிதத்துக்கும் பொருந்துவது. ஆனால் பின்னத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள இரண்டாவது உறுப்பு யாரைக் குறிக்கிறது என்று கேட்டால், மனப்பாடம் செய்தவர்களில் பலர் தயங்குவார்கள். அது நோயே இல்லாமல் பாசிட்டிவ் என்று முடிவு பெற்றவர்களைக் குறிக்கிறது. சூத்திரத்தில் அவர்களுக்கு முகம் இல்லை.

உண்மையான போட்டி இரண்டு அட்டவணைகளுக்கு இடையில்தான். எடுத்துக்காட்டாக, டெங்கிக் காய்ச்சலுக்கான என்எஸ்1 துரிதப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காக உணர்திறன் 80%, குறித்தன்மை 98% என்று நானாக வைத்துக்கொள்கிறேன். எந்தத் தயாரிப்புக்கும் உரிய எண்கள் அல்ல. டெங்கி இருப்பதாக ஆய்வகத்தில் உறுதியான 100 பேரும், இல்லை என்று உறுதியான 100 பேரும் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டிருந்தால், விரிவுரைக் குறிப்பின் அட்டவணை இப்படி இருக்கும்.

| | டெங்கி உண்டு | டெங்கி இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| பாசிட்டிவ் | 80 | 2 | 82 |
| நெகட்டிவ் | 20 | 98 | 118 |
| மொத்தம் | 100 | 100 | 200 |

நெடுவரிசையில் மேலிருந்து கீழாகப் படித்தால் குறை ஏதும் இல்லை: 100 நோயாளிகளில் 80 பேரைப் பரிசோதனை கண்டுபிடிக்கிறது, நோயில்லாத 100 பேரில் 98 பேரைச் சரியாக விலக்குகிறது. சிக்கல் கிடைவரிசையில் படிக்கும்போது தொடங்குகிறது. 82-இல் 80 என்பது ஏறத்தாழ 97.6%, ஆகவே பாசிட்டிவ் வந்தால் டெங்கி ஏறக்குறைய நிச்சயம் என்று மாணவர் எழுதிவிடுவார். அந்த 82 என்ற எண்ணை உண்டாக்கியது டெங்கி அல்ல, ஆய்வாளர். நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சரிபாதியாகத் தேர்ந்தெடுத்ததன் மூலம், பரவல் விகிதம் 50% என்று அவரே நிர்ணயித்துவிட்டார். நோயில்லாதோர் 1,000 பேரைச் சேர்த்திருந்தால் அதே கருவிக்கு 82-இல் 80-க்குப் பதிலாக 100-இல் 80 என்று வந்திருக்கும்.

பத்தாயிரம் பேர் அட்டவணையில் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு, ஏனெனில் பரவல் விகிதத்தைச் சொல்லாமல் மொத்தத்தைத் தவிர வேறு எந்தக் கட்டத்தையும் நிரப்ப முடியாது. டெங்கி குறைவாக உள்ள காலத்தில் காய்ச்சலோடு பலதுறை மருந்தகத்துக்கு வருபவர்களில் 1% பேருக்கு டெங்கி என்று கொள்வோம். வலது கீழ் மூலையில் 10,000 என்று எழுதவேண்டும். அதைப் பரவல் விகிதப்படி பிரித்துக் கடைசி வரியில் 100, 9,900 என்று இடவேண்டும். பிறகு ஒவ்வொரு நெடுவரிசையையும் அதற்குரிய விகிதத்தால் பிரிக்கவேண்டும். கிடைவரிசை மொத்தங்களைக் கடைசியில்தான் கூட்டவேண்டும். இந்த வரிசைமுறையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், கிடைவரிசை மொத்தம் என்பது கொடுக்கப்படும் எண் அல்ல, விளைந்து வரும் எண் என்பது கை வேலையிலேயே புலப்பட்டுவிடுகிறது.

| | டெங்கி உண்டு | டெங்கி இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| பாசிட்டிவ் | 80 | 198 | 278 |
| நெகட்டிவ் | 20 | 9,702 | 9,722 |
| மொத்தம் | 100 | 9,900 | 10,000 |

இப்போது 278-இல் 80, அதாவது சுமார் 28.8%. பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு டெங்கி இல்லை. நெகட்டிவ் பெற்றவர்களில் 99.8% பேர் உண்மையிலேயே டெங்கி இல்லாதவர்கள்.

என் தேர்வைத் தீர்மானித்த காரணம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நிலவரம் மாறினால் விளக்கத்தில் எதை மாற்றி எழுதவேண்டும் என்பதே அது. சிங்கப்பூரின் ஒரு பேட்டையில் 10 அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு டெங்கி கண்டு, ஆபத்தை எச்சரிக்கும் சிவப்புப் பதாகை ஏறியிருக்கிறது. அங்கிருந்து காய்ச்சலோடு வருபவர்களில் 20% பேருக்கு டெங்கி என்று வைத்துக்கொள்வோம். கடைசி வரி 2,000, 8,000 என்று மாறுகிறது. மேலே 1,600, 160. கீழே 400, 7,840. பாசிட்டிவ் பெற்ற 1,760 பேரில் 1,600 பேருக்கு டெங்கி, அதாவது 90.9%. நெகட்டிவ் பெற்ற 8,240 பேரில் 400 பேருக்கும் டெங்கி இருக்கிறது, ஏறக்குறைய இருபதில் ஒருவர். நெடுவரிசை விகிதங்கள் 80%, 98% என்று அசையாமல் நிற்க, கிடைவரிசை விகிதங்கள் மட்டும் இடம்பெயர்வதை மாணவர் தம் கையால் எழுதிப் பார்க்கிறார். ஆய்வு அட்டவணையில் இந்த மாற்றத்தைச் செய்ய வழியே இல்லை. சூத்திரத்தில் செய்யலாம், ஆனால் விடை மட்டும் மாறுமே தவிர, எந்தக் கட்டத்தில் ஆட்கள் கூடினார்கள் என்பது தெரியாது.

ஆய்வு அட்டவணையை முற்றாக ஒதுக்குவதும் நியாயமாகாது. காய்ச்சலோடு வந்தவர்களை வந்த வரிசையிலேயே சேர்த்து, பிறகு யாருக்கு டெங்கி என்று உறுதிப்படுத்திய ஆய்வாக இருந்தால், அதே போன்ற மருந்தகத்துக்கு அதன் கிடைவரிசைகளை நேராகப் படிக்கலாம். நெடுவரிசை மொத்தங்கள் இரண்டும் முழு நூறுகளாகவோ சமமாகவோ இருந்தால் சந்தேகப்படவேண்டும்; பங்கேற்பாளர்களைத் தேர்ந்தெடுத்த விதம் ஆய்வின் செயல்முறைப் பகுதியில் இருக்கும்.

மேலும், நிச்சயமின்மையைக் கணக்கிட ஆய்வின் எண்ணிக்கைதான் வேண்டும். 100 பேரில் 80 என்பதற்கு, உண்மையான உணர்திறன் இருக்கக்கூடிய எல்லையைக் காட்டும் 95% நம்பக இடைவெளி ஏறத்தாழ 71% முதல் 87% வரை நீளும். கற்பனை அட்டவணையின் 2,000-இல் 1,600 என்பதைக் கொண்டு அதைக் கணக்கிட்டால், இல்லாத நோயாளிகளின் பலத்தால் இடைவெளி பொய்யாகச் சுருங்கிவிடும். அதனால் என் விளக்கத்தில் ஆய்வு அட்டவணையை முதல் பக்கத்தில் வைத்து, இரண்டு விகிதங்களையும் அவற்றின் இடைவெளிகளையும் அங்கேயே எடுத்துக்கொண்டேன். முன்கணிப்பு மதிப்பு என்ற சொல்லை அடுத்த அட்டவணைக்கு முன் பயன்படுத்தவில்லை.

நெடுவரிசை விகிதங்கள் அசையாது என்பதும் ஓரளவுக்கே உண்மை. என்எஸ்1 புரதம் காய்ச்சலின் முதல் சில நாள்களில் மிகுந்திருந்து பிறகு குறைவதால், ஆறாம் நாளில் வருபவரிடம் உணர்திறன் 80 என்று நிற்காது. முன்பே ஒருமுறை டெங்கி வந்தவர்களிடமும் அது குறையும். இதை ஒரே அட்டவணையில் காட்ட முடியாது. காய்ச்சல் நாள்வாரியாகத் தனித்தனி அட்டவணைகள் போடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் நான் அதை மாணவர்களிடம் செய்து பார்த்ததில்லை, எனவே பரிந்துரைக்கத் துணியவில்லை. ஐம்பதாயிரத்தில் ஒருவருக்கு வரும் அரிய நோய்க்குப் பத்தாயிரம் பேர் போதாது. பத்து இலட்சம் என்று தொடங்கவேண்டும், அல்லது அங்கே சூத்திரத்துக்கே போய்விடலாம்.

கட்டங்களுக்கு a, b, c, d என்று பெயரிட்டு, உணர்திறன் என்றால் a/(a+c) என்று கற்பிக்கும் பழக்கத்தை மூன்று வழிகளிலும் தவிர்க்கவேண்டும் என்பது என் கருத்து. பாடநூலுக்குப் பாடநூல் வரிசைகள் இடம்மாறுகின்றன. 0, 1 என்று குறித்த தரவைப் பைத்தான் நிரல்தொகுப்பான scikit-learn-இன் `confusion_matrix`-இல் இட்டால், உண்மை நிலை கிடைவரிசையிலும், நோயில்லாமல் நெகட்டிவ் பெற்றவர்கள் இடது மேல் மூலையிலும் வருவார்கள். எழுத்தை நம்பியவர் அங்கே உணர்திறனைக் கேட்டால் வேறொரு விகிதம்தான் கிடைக்கும்.