வால்ஹெய்ம்: முதல் வீட்டை எங்கே போடுவது

வால்ஹெய்ம் என்ற கணினி விளையாட்டை 2021 இல் வெளிவந்த நாளிலிருந்து விளையாடுகிறேன். கொக்குவிலில் இருக்கும் மச்சானும் நானும் இதுவரை நாலு உலகம் தொடங்கியிருக்கிறோம். முதல் உலகத்தில் வீடு போட்ட இடமே பிழை.

விளையாட்டு புல்வெளியில், ஒரு கல் வட்டத்தில் தொடங்கும். அதன் பக்கத்திலேயே பெரிய வீடாகக் கட்டினோம். பிறகு செம்பு தேடிக் கருங்காட்டுக்குப் போனபோது ட்ரோல் என்ற பெரிய பூதம் ஒரே அடியில் என்னைச் சாய்த்துவிட்டது. செத்தால் கையில் இருந்த எல்லாம் அந்த இடத்துக் கல்லறையில் கிடக்கும், சாப்பிட்ட சாப்பாட்டின் பலமும் போய்விடும். மீண்டும் எழுவதோ கடைசியாக உரிமை எடுத்த கட்டிலில். என் கட்டில் தூரத்தில் இருந்ததால், பலவீனமாக, வெறுங்கையோடு இரவில் ஓடிப் போய் அதே ட்ரோலிடம் திரும்பவும் செத்தேன். மச்சான், "டேய், கட்டிலைக் கிட்டக் கொண்டு வா" என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது.

இப்போது முதல் மணித்தியாலத்தில் பெரிய வீடு கட்டுவதே இல்லை. மரம், கல் பொறுக்கிச் சுத்தியலும் கோடரியும் செய்துகொண்டு, புல்வெளி முடிந்து கருங்காடு தொடங்கும் எல்லையைத் தேடி நடப்போம். குடில் புல்வெளிப் பக்கம்தான், ஆனால் காடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடலோ ஆறோ கிட்ட இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் வழமையான அமைப்பில் தூர இடத்துக்கு நொடியில் தாவும் வாசலான போர்ட்டல் வழியாகத் தாதுவை அனுப்ப முடியாது, படகில் ஏற்றியோ சுமந்தோதான் வரவேண்டும். ஒரு செப்புத் தாது 10 எடை, 300 ஐத் தாண்டினால் ஓட முடியாது. அப்படியிருக்க வீடு தூரத்தில் இருந்தால் ஒவ்வொரு நடையும் வேதனைதான்.

10 மரத்தில் வேலைமேசை, அதன் மேல் கூரை. மேசையைச் சுற்றி 20 மீற்றருக்குள் எதிரிகள் புதிதாகத் தோன்ற மாட்டார்கள், வெளியிலிருந்து நடந்து வருவார்கள்தான். பிறகு 8 மரத்தில் கட்டில். கூரை இல்லாவிட்டால் கட்டிலுக்கு உரிமை எடுக்க முடியாது, நெருப்பு பக்கத்தில் இல்லாவிட்டால் உறங்க முடியாது. நெருப்பை மரத் தரையில் மூட்ட முடியாது, மண் தெரியும் இடம் விட்டுவையுங்கள். புகை போகக் கூரை முகட்டில் இடைவெளியும் வேண்டும். வீட்டுக்குள் சும்மா நிற்கும்போது உயிர் குறைகிறது என்றால் புகை அடைத்துவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு அது விளங்க ஒரு இரவு முழுக்கப் போனது.

அப்புறம் ஒரு பெட்டி. அதற்குள் பழைய கோடரி, ஒரு கேடயம், மூன்று வகைச் சாப்பாடு எப்போதும் இருக்கும், இதை ஒருநாளும் தொடுவதில்லை. போன மாதம் தொடங்கிய உலகத்தில் மச்சான் ட்ரோலிடம் செத்தபோது, எழும்பி, பெட்டியைத் திறந்து, சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் போய்க் கல்லறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.