கெயின் மார்ஜினா, ஃபேஸ் மார்ஜினா: ஒரே கிராஃப், இரண்டு தீர்ப்பு

மண்டைக்காடு கொடைக்கு சவுண்ட் கட்டும் தம்பி ஒருவர் போன மாசம் ஒரு சின்ன போர்டோடு என் வீட்டுக்கு வந்தார். மிக்ஸரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு 40 மீட்டர் ஷீல்டு கேபிள் போகிறது, அதைத் தள்ள ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் செய்திருக்கிறார். கேபிள் இல்லாமல் மேசையில் வைத்தால் சுத்தமாக இருக்கிறது, கேபிளை மாட்டினால் சத்தத்தில் ஒரு கரகரப்பு, ஐசியும் சுடுகிறது. "அண்ணே, கெயின் மார்ஜின் 10 டெசிபலுக்கு மேல இருக்கு, கணக்குப் பண்ணித்தான் போட்டேன்" என்றார். கணக்கில் தப்பில்லை. பார்த்த இடம்தான் தப்பு.

இரண்டு மார்ஜினுமே ஃபீட்பேக் சர்க்யூட் தானாக ஆசிலேட் ஆகத் தொடங்குவதற்கு இன்னும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதன் அளவு. இரண்டையும் கிராஃபில் எப்படிப் படிக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வரைய வேண்டியது லூப் கெயின், அதாவது ஃபீட்பேக் லூப்பை ஓர் இடத்தில் வெட்டி, சிக்னல் ஒரு சுற்று போய் வரும்போது எத்தனை மடங்கு ஆகிறது, எவ்வளவு பிந்துகிறது என்பது. மேலே கெயின் கோடு, கீழே ஃபேஸ் கோடு. கெயின் கோடு 0 டெசிபலை வெட்டும் புள்ளியிலிருந்து நேர் கீழே இறங்கி, அங்கே ஃபேஸ் -180 டிகிரிக்கு இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் அது ஃபேஸ் மார்ஜின். ஃபேஸ் கோடு -180-ஐ வெட்டும் இடத்திலிருந்து நேர் மேலே ஏறி, கெயின் 0 டெசிபலுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் அது கெயின் மார்ஜின். ஆக இரண்டும் இரண்டு வேறு ஃப்ரீக்வென்சியில் படிக்கிற அளவுகள், ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. (சிமுலேட்டரில் லூப்பை வெட்டும்போது இன்வெர்ட் செய்யும் உள்ளீட்டையும் சேர்த்து அளந்தால் ஃபேஸ் கோடு 180-லிருந்து தொடங்கும், அப்போது ஒப்பிட வேண்டிய கோடு 0 டிகிரி. இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.)

சரி, தம்பியின் பஃபருக்கு வருவோம். ஆப்-ஆம்ப் 3 மெகாஹெர்ட்ஸ் ரகம், உள்ளே இரண்டாவது போல் (pole), அதாவது கெயின் இன்னும் வேகமாக இறங்கத் தொடங்கி ஃபேஸும் கூடுதலாகப் பிந்தும் இடம், 10 மெகாஹெர்ட்ஸில் இருப்பதாகவும், வெளியீட்டு மின்தடை 125 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். கேபிள் இல்லாதபோது கெயின் 0 டெசிபலைத் தொடுவது சுமார் 2.9 மெகாஹெர்ட்ஸில், ஃபேஸ் மார்ஜின் 74 டிகிரி. இரண்டே போல் என்பதால் ஃபேஸ் -180-ஐத் தொடவே தொடாது, கெயின் மார்ஜின் கணக்கில் முடிவிலி. மேசையில் சுத்தமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

இனி கேபிளை மாட்டுங்கள். ஷீல்டு கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வைத்தால் 40 மீட்டருக்கு 4 நானோஃபாரட். அதோடு 125 ஓம் சேர்ந்து 318 கிலோஹெர்ட்ஸில் மூன்றாவது போல் ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. கெயின் கோடு இப்போது 0.95 மெகாஹெர்ட்ஸிலேயே 0 டெசிபலைத் தொட்டுவிடும், அங்கே ஃபேஸ் -167. ஃபேஸ் மார்ஜின் வெறும் 13 டிகிரி! கெயின் மார்ஜினைப் பாருங்கள்: ஃபேஸ் -180-ஐ வெட்டுவது 1.78 மெகாஹெர்ட்ஸில், அங்கே கெயின் -10.7 டெசிபல். 10 இருந்தால் போதும் என்ற பாடப்புத்தக விதிக்கு இது பாஸ்.

இதைவிட முக்கியமானது, கேபிள் நீளத்தை மாற்றினால் என்ன ஆகிறது என்பது. 10 மீட்டரில் ஃபேஸ் மார்ஜின் 26 டிகிரி, கெயின் மார்ஜின் 11.5 டெசிபல். 80 மீட்டரில் ஃபேஸ் மார்ஜின் 9 டிகிரி, கெயின் மார்ஜின் 10.6. கேபிள் எட்டு மடங்கு நீண்டும் கெயின் மார்ஜின் ஒரு டெசிபல்கூட நகரவில்லை. ஏனென்றால் கேபிளின் போல் கீழே இறங்க இறங்க -180 புள்ளியும் கூடவே கீழே இறங்குகிறது, அதே நேரத்தில் கெயினையும் அதே அளவுக்கு இழுத்துப் போட்டுவிடுகிறது. இந்த மாதிரி சர்க்யூட்டில் கெயின் மார்ஜின், கேபிளின் போலையும் 10 மெகாஹெர்ட்ஸ் போலையும் கூட்டி 3 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் மடங்கு, அவ்வளவுதான். அந்தக் கூட்டில் 10 மெகாஹெர்ட்ஸ்தான் பெரியது, கேபிளின் பங்கு சில்லறை. கேபிளால் வரும் வியாதிக்கு கெயின் மார்ஜின் குருடு என்று அடித்துச் சொல்வேன்.

13 டிகிரி என்றால் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், 100 மில்லிவோல்ட் சதுர அலையைக் கொடுத்து ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். அலையின் முனை 70 சதவீதம் வரை மேலே துள்ளும், பிறகு ஏறக்குறைய ஒரு மைக்ரோசெகண்டுக்கு ஒரு ஆட்டம் என்று ஆடி, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதில் பாதியாகிக் குறையும். ஃபேஸ் மார்ஜினை இப்படி ஸ்கோப்பிலிருந்தே ஏறத்தாழ ஊகித்துவிடலாம், கெயின் மார்ஜினுக்கு அந்த வசதி இல்லை. சதுர அலையைச் சின்னதாக வைத்தால்தான் உண்மை தெரியும், பெரிய அலை கொடுத்தால் ஸ்லூ ரேட் குறுக்கே வந்து அலையின் உருவத்தையே மாற்றிவிடும்.

மருந்து எளிது. ஆப்-ஆம்ப் வெளியீட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் 100 ஓம், ஃபீட்பேக் மட்டும் ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்தே எடுக்க வேண்டும். அந்த 100 ஓம், கேபிளோடு சேர்ந்து 400 கிலோஹெர்ட்ஸ் அருகே போலுக்கு நேர் எதிராக வேலை செய்யும் ஒரு ஜீரோ உண்டாக்கி, இழந்த ஃபேஸைத் திருப்பித் தந்துவிடும். கணக்கில் ஃபேஸ் மார்ஜின் மறுபடி 73 டிகிரி. தம்பி அங்கேயே சால்டர் செய்து 40 மீட்டரை மாட்டினார், துள்ளல் போய்விட்டது, ஐசியும் சுடவில்லை.

அதற்காக ஃபேஸ் மார்ஜினை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்ல வரவில்லை, கெயின் மார்ஜின்தான் காப்பாற்றும் இடமும் உண்டு. அது ஹார்ன் ஸ்பீக்கருக்குப் போகும் 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிஃபயர், அதிலும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியிலிருந்து ஃபீட்பேக் எடுக்கிற பழைய ரகம். உதாரணத்துக்கு, 40 கிலோஹெர்ட்ஸில் கெயின் 0 டெசிபல், ஃபேஸ் மார்ஜின் 55 டிகிரி என்று வையுங்கள். அருமையான எண், பலர் அதோடு கிராஃபை மூடிவிடுவார்கள். ஆனால் இன்னும் கொஞ்சம் வலப்புறம் போனால், 110 கிலோஹெர்ட்ஸ் பக்கம் டிரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜ் இண்டக்டன்ஸும் சுற்றுகளுக்கு இடையிலுள்ள கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு ரெசனன்ஸ் மேடு எழும்பியிருக்கும். கீழே போய்க்கொண்டிருந்த கெயின் மறுபடி ஏறி -3 டெசிபல் வரை வருகிறது, அதே இடத்தில் ஃபேஸ் செங்குத்தாக விழுந்து -180-ஐத் தாண்டுகிறது. கெயின் மார்ஜின் 3 டெசிபல், அதாவது லூப் கெயின் 1.41 மடங்கு கூடினால் ஆசிலேஷன். 40 கிலோஹெர்ட்ஸில் படித்த 55 டிகிரிக்கு இந்த மேடு இருப்பதே தெரியாது.

1.41 மடங்கு கூடுமா என்றால், கூடும். இந்த ரக அவுட்புட் ஸ்டேஜில் கெயின் லோடைப் பொறுத்தது. ராத்திரி நிகழ்ச்சி முடிந்து ரோட்டோரத்து ஹார்ன்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது லோடு குறைகிறது, லூப் கெயின் ஏறுகிறது, மேட்டை அமுக்கி வைத்திருந்த டாம்பிங்கும் போய்விடுகிறது. 110 கிலோஹெர்ட்ஸ் காதில் விழாது, ஆம்ப்ளிஃபயர் சத்தமே இல்லாமல் சூடேறி அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். செகண்டரிக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சீரிஸில் போட்டால் மேடு தணியும்.

ஆகவே நான் பஃபர், லைன் டிரைவர் மாதிரி இறக்கம் வழவழப்பாக இருக்கும் கிராஃபில் முதலில் ஃபேஸ் மார்ஜினைப் படிப்பேன், 45-க்குக் கீழே இருந்தால் கெயின் மார்ஜின் எவ்வளவு இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதில் கெயின் மார்ஜின் முதலில், அதுவும் 0 டெசிபல் புள்ளியைத் தாண்டிப் பத்து மடங்கு ஃப்ரீக்வென்சி வரை கோட்டைப் பின்தொடர்ந்து, ஒரு தடவை முழு லோடோடும் இன்னொரு தடவை ஒரு ஹார்ன்கூட மாட்டாமலும் எடுத்த இரண்டு கிராஃபில்.