ஐந்து லட்சம் தொட்ட மாதம்: கமிஷன் ஸ்லாபை இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தால்

மாதக் கடைசி நாள், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எங்கள் மொத்த வியாபார அலுவலகத்தில் ஒரு சேல்ஸ்மேன் என் மேஜைக்கு வந்து, "சார், என் டோட்டல் எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டார். பார்த்தேன்: 4,97,500 ரூபாய். ஐந்து லட்சத்துக்கு இன்னும் 2,500 குறை. ஒரு மணி நேரத்தில் தெரிந்த கடை ஒன்றுக்குச் சரியாக 2,500 ரூபாய்க்கு பில் வந்தது. அடுத்த மாதம் மூன்றாம் தேதி அதே சரக்கு ரிட்டர்ன் ஆனது.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த 2,500 ரூபாய் பில்லுக்கு நம்முடைய அட்டவணை 5,050 ரூபாய் கமிஷன் தருவதாக இருந்தால், யாருமே அதைத்தான் செய்வார்கள். அட்டவணை இதுதான்:

| விற்பனை இதிலிருந்து (F) | விகிதம் (G) |
|---|---|
| 0 | 1% |
| 2,00,000 | 2% |
| 5,00,000 | 3% |
| 10,00,000 | 5% |

இந்த அட்டவணையை இரண்டு விதமாகப் படிக்கலாம். எட்டிய ஸ்லாபின் விகிதத்தை மொத்த விற்பனைக்கும் போடுவது ஒன்று. வருமான வரியில் செய்வது போல, ஒவ்வொரு ஸ்லாபுக்குள் விழும் தொகைக்கு மட்டும் அந்த ஸ்லாபின் விகிதத்தைப் போடுவது இன்னொன்று. கமிஷன் கடிதத்தில் "5 லட்சத்துக்கு மேல் 3%" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, எது என்று சொல்லாமல் விடுகிறார்கள். சண்டை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விற்பனைத் தொகை B2-ல் இருந்தால், முதல் முறைக்கு எக்ஸெல் சூத்திரம் ரொம்பச் சின்னது:

```
=B2*VLOOKUP(B2,$F$2:$G$5,2,TRUE)
```

கடைசியில் இருக்கும் TRUE-தான் இதன் உயிர். விற்பனைத் தொகையைத் தாண்டாத மிகப் பெரிய வரம்பைப் பிடித்துத் தருவது அதுதான். பழக்கத்தில் FALSE என்று போட்டுவிட்டால், விற்பனை அச்சு அசலாக 2,00,000 அல்லது 5,00,000 ஆக இருந்தால் ஒழிய #N/A வரும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது வேறு. F பத்தி ஏறுவரிசையில் இல்லையென்றால் இந்தச் சூத்திரம் பிழை எதுவும் காட்டாமலே தப்பான விகிதத்தைத் தரக்கூடும். புது ஸ்லாபை அட்டவணையின் அடியில் ஒட்டிவிட்டு வரிசைப்படுத்த மறப்பவர்கள் நிறைய. அதேபோல 5,00,000 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாக ஏறியிருந்தால் அந்த வரியையே தேடல் கண்டுகொள்ளாது. ஆறு லட்சம் விற்றவருக்கும் 2% விழும். கலத்தில் எண் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்.

இதற்குப் பதில் IF-க்குள் IF வைத்து எழுதுகிறவர்களும் உண்டு. நான்கு ஸ்லாபுக்கு அது ஓடத்தான் செய்யும். ஆனால் விகிதங்கள் சூத்திரத்துக்குள் புதைந்துவிடும். அடுத்த வருடம் ஸ்லாப் மாறும்போது பன்னிரண்டு ஷீட்டிலும் தோண்ட வேண்டும். பெரிய தொகையை முதலில் சோதிக்காமல் B2>=200000 என்று தொடங்கிவிட்டால், பன்னிரண்டு லட்சம் விற்றவரும் 2 சதவீதத்திலேயே நின்றுவிடுவார். XLOOKUP கையில் இருந்தால், ஐந்தாவது இடத்தில் -1 கொடுத்துப் பயன்படுத்தலாம். வரிசை கலைந்திருந்தாலும் சரியாகப் பிடிக்கும். ஆனால் எக்ஸெல் 2016, 2019-ல் அது இல்லை. கிளை அலுவலகத்தில் பழைய கணினி இருந்தால், இப்போதைக்கு VLOOKUP-தான் என் தேர்வு.

சரி, எந்தச் சூத்திரம் என்பது சின்னக் கேள்விதான். எந்த முறை என்பதில்தான் பணம் இருக்கிறது.

மொத்தத்துக்கும் ஒரே விகிதம் என்றால் 4,97,500-க்கு 2%, அதாவது 9,950 ரூபாய். 5,00,000-க்கு 3%, அதாவது 15,000. நடுவில் இருப்பது படிக்கட்டு இல்லை, மதில். மதில் இருக்கும் இடத்தில் "5 லட்சம் முதலா, 5 லட்சத்துக்கு மேலா" என்ற ஒரு சொல் 5,000 ரூபாய் ஆகிவிடும். அடுத்த மாதம் வரும் ரிட்டர்னை எந்த மாதத்தில் கழிப்பது என்பதும் அப்படியே.

அடுக்கு முறையில் அதே 5,00,000-க்கு: முதல் இரண்டு லட்சத்துக்கு 2,000, அடுத்த மூன்று லட்சத்துக்கு 6,000, ஆக 8,000. 4,97,500-க்கு 7,950. கடைசி 2,500 ரூபாய் பில்லின் மதிப்பு வெறும் 50 ரூபாய். அதற்காக யாரும் பொய் பில் போட மாட்டார்கள். "முதலா, மேலா" என்ற கேள்வியும் காணாமல் போய்விடுகிறது, ஏனென்றால் எல்லையில் இரண்டு பக்கமும் ஒரே தொகைதான் வரும்.

இதைக் கணக்கிட அட்டவணையில் H என்று ஒரு பத்தி சேர்க்கிறேன்: அந்த ஸ்லாப் தொடங்குமுன் சேர்ந்துவிட்ட கமிஷன். H2-ல் 0. H3-ல் =H2+(F3-F2)*G2 என்று போட்டுக் கீழே இழுத்தால் 2,000, 8,000, 23,000 என்று வரும். அப்புறம்:

```
=VLOOKUP(B2,$F$2:$H$5,3,TRUE)
 +(B2-VLOOKUP(B2,$F$2:$H$5,1,TRUE))
 *VLOOKUP(B2,$F$2:$H$5,2,TRUE)
```

பன்னிரண்டு லட்சம் விற்றவருக்கு 23,000-உடன், மீதி இரண்டு லட்சத்தின் 5% ஆன 10,000 சேர்ந்து 33,000. இதையே SUMPRODUCT வைத்து ஒரே வரியில் போடலாம், விகித வித்தியாசங்களுக்கு ஒரு பத்தி இருந்தால் போதும். அழகான சூத்திரம்தான். ஆனால் சேல்ஸ்மேன் எதிரில் உட்கார்ந்து "எனக்கு எப்படி 33,000?" என்று கேட்டால், H பத்தியை விரலால் காட்டி விளக்க முடிவது பெரிய வசதி. அதனால் நான் H பத்தியை விடுவதில்லை.

அடுக்கு முறைக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. விகிதத்தை அப்படியே வைத்து முறையை மட்டும் மாற்றினால், பன்னிரண்டு லட்சக்காரரின் கமிஷன் 60,000-லிருந்து 33,000-ஆக இறங்கும். அது கிட்டத்தட்ட பாதிச் சம்பளத்தைப் பிடுங்குவது. ஆகவே விகிதத்தை ஏற்றியே ஆக வேண்டும். முதல் மூன்று ஸ்லாபை 2%, 4%, 6% ஆக்கினால் 5,00,000-க்கு 16,000 வரும். பழைய முறையின் 15,000-ஐ ஒட்டியே இருக்கிறது. ஆனால் 3,00,000 விற்றவருக்கு 6,000 போய் 8,000 ஆகும். டார்கெட்டைத் தொடாதவர்களுக்கு முதலாளி கூடுதலாகக் கொடுக்கிறார் என்பதுதான் இதன் பொருள். அவர் தயங்குவது நியாயம்தான். இருந்தாலும், இழுத்துப் பிடித்த பில்லும் அடுத்த மாத ரிட்டர்னும் தின்னும் செலவைச் சேர்த்துப் பார்த்தபின், நான் அடுக்கு முறைக்கே ஓட்டுப் போடுகிறேன்.

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் புரியும். அது அடுக்கு முறைதான், ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது. அந்த ஒரு எல்லையில் மட்டும் மதில். 490-ல் மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஏசியை அணைப்பது அதனால்தான்.

எந்த முறையானாலும், சம்பளப் பட்டியலுக்கு அனுப்புமுன் B பத்தியில் 4,99,999, 5,00,000, 5,00,001 மூன்றையும் அடித்துப் பார்க்கிறேன். அடுக்கு முறையில் மூன்று விடையும் சில காசு வித்தியாசத்தில் வர வேண்டும்; ஆயிரக்கணக்கில் குதித்தால் H பத்தியில் எங்கோ கை வழுக்கியிருக்கிறது. பிறகு 0. கடைசியாக, ரிட்டர்ன் விற்பனையை மிஞ்சிய மாதத்துக்காக -3,000. VLOOKUP அதற்கு #N/A தரும், ஏனென்றால் பூஜ்யத்துக்குக் கீழே அட்டவணையில் வரி இல்லை. சூத்திரத்தில் B2 வரும் இடமெல்லாம் MAX(0,B2) என்று மாற்றிவிட்டு, அந்த 3,000-ஐ அடுத்த மாதக் கணக்கில் கையால் கழிக்கிறேன்.